வார்ஃபரின் நோட்டில் தேநீருக்கும் ஒரு வரி

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கெமோமில் என்னும் சீமைச்சாமந்தித் தேநீரைத் தினமும் குடிக்க விரும்பினால், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தொடங்கிய தேதியையும் எத்தனை கோப்பை என்பதையும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். குறிக்கும் நோட்டிலேயே எழுதி, ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேநீரை நிறுத்தும்போதும் அப்படியே. (நம் தோட்டத்துச் சாமந்தி வேறு செடி.)

ஈரலில் வார்ஃபரின் சிதைவதை இம்மூலிகை தாமதப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. 2006இல் கனடாவில் பதிவான நிகழ்வில், தினமும் நான்கைந்து கோப்பை குடித்து, இதே மூலிகைக் களிம்பையும் பூசிவந்த 70 வயதுப் பெண்ணுக்கு, 3 அளவில் நிற்கவேண்டிய ஐ.என்.ஆர். 7.9 ஆகி, வயிற்றின் பின்பகுதியில் ரத்தம் கசிந்தது.

எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவருக்கு இத்தனை கணக்கு வேண்டியதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மாத்திரைகளான அபிக்சபான், ரிவரோக்சபான் சாப்பிடுவோருக்கு ஐ.என்.ஆர். எச்சரிக்கை தராது; அதனால் ஈறில் ரத்தமோ கறுத்த மலமோ கண்டால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.