காலரைப் பிடிக்காத கை: ஜோடி அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவன் காலரைப் பிடித்து இன்னொருவனைத் தூக்கி வீசுகிறான். மாயாவில் இரண்டு ரிக்கும் ஒரே சீனில் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அன்ரியலுக்குள் வந்ததும் கை காற்றைப் பிடிக்கும், இல்லையென்றால் நெஞ்சுக்குள் புகுந்துவிடும். உடனே விரல்களுக்குத் திரும்பக் கீ போட உட்காருவார்கள். பெரும்பாலும் கிளிப்பில் குறையே இருக்காது.

## ஆளுக்கொரு பூஜ்ஜியம்

எக்ஸ்போர்ட் செய்யும்போது இருவரின் ரூட் போனையும் தனித்தனியாக 0,0,0-க்குக் கொண்டுவருவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே இருந்த தூரமும் கோணமும் அத்தோடு தொலைந்துபோகும். பிறகு புரோகிராம் எழுதுகிறவர் "ஒரு 80 இருக்கும்" என்று குத்துமதிப்பாகப் போடுவார். ஒரே ஒரு வரி குறித்துக் கொடுத்திருந்தால் போதும், அதைத்தான் யாரும் செய்வதில்லை!

முதல் ஃப்ரேமில் வீசுபவனை 0,0,0-இல் நிறுத்தி, விழுபவனின் ரூட் எங்கே இருக்கிறது என்று படியுங்கள். முன்னால் 75 செ.மீ., திருப்பம் 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டில் விழுபவன் நிற்க வேண்டிய இடம் இதுதான்:

```
FTransform Offset(FRotator(0, 180, 0), FVector(75, 0, 0));
FTransform Target = Offset * Attacker->GetActorTransform();
```

பெருக்கும் வரிசை மாறினால் ஆள் வேறெங்கோ போய் நிற்பான். கோணத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். வீசுபவன் 5 டிகிரி தவறித் திரும்பியிருந்தாலே 75 செ.மீ. தள்ளியிருக்கும் காலர் ஆறரை செ.மீ. விலகிவிடும். அது ஏறக்குறைய முக்கால் உள்ளங்கை அகலம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கை எட்டவில்லையா? ஆளைச் சுற்றியுள்ள மோதல் கேப்ஸ்யூலைப் பாருங்கள். தேர்ட் பெர்சன் டெம்ப்ளேட்டில் அதன் ஆரம் 42. இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் 84-க்குக் குறைவாக நெருங்கவே முடியாது, நமக்கு வேண்டியதோ 75. அந்த 9 செ.மீ. இடைவெளிதான் காற்றைப் பிடிக்கும் கை. வீச்சு முடியும்வரை இரு கேப்ஸ்யூலும் ஒன்றையொன்று பொருட்படுத்தாதபடி `IgnoreActorWhenMoving` போடுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

## பிடிக்கும் ஃப்ரேமுக்கு முன்பே பிளெண்ட் முடியட்டும்

மாண்டேஜின் இயல்பான பிளெண்ட் இன் 0.25 நொடி. 30 ஃப்ரேம் வேகத்தில் அது ஏழரை ஃப்ரேம். பிடி 5-ஆவது ஃப்ரேமில் விழுந்தால், அப்போது கை இன்னும் ஓரளவு பழைய போஸில்தான் இருக்கும். ஒன்று பிளெண்டைக் குறையுங்கள், அல்லது பிடியை 12-ஆவது ஃப்ரேமுக்குத் தள்ளுங்கள். தள்ளினால் விழுபவனை 75-க்கு நகர்த்தவும் அந்த ஓங்கும் நேரத்திலேயே இடம் கிடைக்கும்.

## பிளே ரேட்

மாற்றினால் இருவருக்கும் மாற்றுங்கள்.

## கைகுலுக்கலில் ஐகே

ஒரு கை கிளிப்படி போகட்டும், மற்றது மட்டும் ஐகே-யால் அதைத் தேடிப் போகட்டும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தினால் ஒவ்வொன்றும் மற்றதன் முந்தைய ஃப்ரேமைப் பார்த்து நகரும், கைகள் நடுங்கும்.