வருமானத் தரவு: சராசரியா, இடைநிலை அளவா?

புள்ளியியல் முதல் பருவத்தில் "தரவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இடைநிலை அளவு, இல்லாவிட்டால் சராசரி" என்று ஒரு வரியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதியை ஒரு சிறிய கணக்கில் பார்ப்போம். பதினொரு குடும்பங்களின் மாத வருமானம், ஆயிரத்தில்:

```
22, 300, 15, 30, 12, 46, 24, 18, 36, 20, 27
```

படி 1: வரிசைப்படுத்துங்கள்

```
12, 15, 18, 20, 22, 24, 27, 30, 36, 46, 300
```

தேர்வுத் தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது. வரிசைப்படுத்தாமலே நடுவில் உள்ள எண்ணை எடுத்துவிடுகிறார்கள். மேலே கொடுத்த பட்டியலில் அப்படி எடுத்தால் 46 வரும், அதாவது இரண்டாவது பெரிய வருமானம்! வரிசைப்படுத்திய பிறகு ஆறாவது எண் 24. அதுதான் இடைநிலை அளவு.

படி 2: இரண்டையும் கணக்கிடுங்கள்

கூட்டுத்தொகை 550. பதினொன்றால் வகுத்தால் சராசரி 50. விரிதாளில் என்றால்:

```
=AVERAGE(A1:A11)
=MEDIAN(A1:A11)
```

படி 3: இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

சராசரி இடைநிலை அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. இப்போது ஒரு கேள்வி: எத்தனை குடும்பங்கள் 50-க்குக் கீழே இருக்கின்றன? பத்து. பதினொன்றில் பத்து குடும்பங்கள் "சராசரிக்குக் கீழே". 300-ஐ மட்டும் மறைத்துவிட்டுக் கணக்கிட்டால் சராசரி 25-க்கு இறங்கிவிடும். இடைநிலை அளவோ 24-லிருந்து, மீதிப் பத்து எண்களின் நடுவில் வரும் 22, 24 இரண்டுக்கும் சராசரியான 23-க்குத்தான் நகரும். சராசரியை 50-க்குத் தூக்கியது ஒரே ஒரு வீடு.

வருமானத் தரவு இப்படி வலப்பக்கம் நீள்வதற்குக் காரணம் எளிது. கீழ்ப்பக்கம் பூஜ்யத்தை ஒட்டி ஒரு தரை இருக்கிறது, மேல்பக்கம் கூரையே இல்லை.

படி 4: கேள்வியை மறுபடி படியுங்கள்

எந்த அளவை எடுப்பது என்பதைத் தரவின் வடிவம் மட்டும் முடிவு செய்யாது. உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

"இங்கே ஒரு சாதாரணக் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது?" என்று கேட்டால் 24 என்று சொல்லுங்கள். 50 என்றால், அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வாழும் குடும்பம் 46 வாங்கும் ஒன்றுதான்.

சரி, கேள்வி இப்படி மாறினால்? "ஒவ்வொரு குடும்பமும் வருமானத்தில் 2 விழுக்காடு பொது நிதிக்குக் கொடுத்தால் மொத்தம் எவ்வளவு சேரும்?" இதற்குச் சராசரிதான் வேண்டும். 50 × 11 = 550, அதில் 2 விழுக்காடு 11 ஆயிரம். தரவு சாய்ந்திருக்கிறதே என்று இடைநிலை அளவை எடுத்தால் 24 × 11 = 264, நிதி ஐந்தே கால் ஆயிரத்துச் சொச்சம்தான் என்று வரும். பாதிக்கும் குறைவு. மொத்தத்தைத் திரும்பப் பெறும் வழி சராசரியில் இருக்கிறது, இடைநிலை அளவில் இல்லை. அதே தரவு, அதே சாய்வு, விடை மட்டும் வேறு. மனப்பாட விதி விட்டுவிடும் பாதி இதுதான்.

படி 5: தரவில் பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள்

பதில் சொல்லாத பன்னிரண்டாவது வீட்டுக்கு, கணக்கெடுத்தவர் அடையாளமாக 999 என்று போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கவனிக்காமல் கணக்கிட்டால் சராசரி 129-ஐத் தாண்டிக் குதிக்கும். இடைநிலை அளவு 25.5, பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஒற்றை எண்ணுக்கு அசையாமல் நிற்பது இடைநிலை அளவின் பலம் என்கிறோம், ஆனால் அந்த பலமே இங்கே பிழையை மறைத்துவிடுகிறது. அதனால் இறுதியில் ஒன்றைத்தான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் இரண்டையும் கணக்கிடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பட்டியலின் மேல்முனையில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உண்மையான 300-ஐ வைத்துக்கொள்ளுங்கள், 999-ஐ அழித்து அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட வேண்டாம். காலிக் கட்டத்தை விரிதாள் விட்டுவிடும், பூஜ்யத்தை ஒரு வருமானமாகவே எண்ணிக்கொள்ளும்.

படி 6: விடையை எழுதுங்கள்

வெறும் "சராசரி வருமானம்" என்று எழுதினால் படிப்பவர் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது. இப்படி எழுதலாம்: "11 குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 24 ஆயிரம். ஒரு குடும்பத்தின் 300 ஆயிரம் சேர்ந்திருப்பதால் கூட்டுச் சராசரி 50 ஆயிரம்."

அப்புறம், பக்கத்துத் தெருவின் இடைநிலை அளவு 40 என்று யாராவது கொடுத்தால், 24-ஐயும் 40-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள். சராசரிகளைக் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கிச் சேர்க்கலாம். இடைநிலை அளவுக்கு இரண்டு தெருக்களின் முழுப் பட்டியலையும் ஒன்றாக வைத்து, மறுபடி முதல் படியிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும்.