எலுமிச்சை, புளி, பல் எனாமல்: வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

பச்சைப் புளியங்காயை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றால் கொஞ்ச நேரத்தில் பல் கூசும். நாக்கால் தடவினால் பல் சொரசொரவென்று இருக்கும். அங்கே என்ன நடக்கிறது, எலுமிச்சை ஜூஸிலும் அதுதானா, ரசத்தில் ஏன் அப்படி ஆவதில்லை என்பதை அடுப்படிச் சாமான்களை வைத்தே பார்த்துவிடலாம்.

கொஞ்சம் பின்னணி. பல்லின் மேல் பூச்சான எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தப் படிகத்துக்கு ஹைட்ராக்சிஅபடைட் என்று பெயர். சுற்றியுள்ள திரவத்தில் அமிலம் கூடக் கூடக் குறையும் எண்ணான பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். எலும்பு மறுபடி வளரும், எனாமல் வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

வேண்டியவை

1 முதல் 14 வரை காட்டும் பி.எச். தாள். (லிட்மஸ் தாள் போதாது. அமிலமா காரமா என்று மட்டும்தான் அது சொல்லும்.) ஒரு எலுமிச்சை, 10 கிராம் புளி, சமையல் சோடா, நெயில் பாலிஷ், அதை அழிக்கும் ரிமூவர், இரண்டு கண்ணாடி டம்ளர். கூடவே, குழந்தைக்கு விழுந்த பால் பல் ஒன்று. சாணி உருண்டையில் வைத்துக் கூரை மேல் எறியும் வழக்கமுள்ள வீடு என்றால், இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். சொத்தை இல்லாத முன்பல்லாக இருந்தால் நல்லது.

படி 1: புளிப்பை அளப்பது

எலுமிச்சைச் சாற்றில் தாளை நனைத்துப் பாருங்கள். 2-க்கும் 2.6-க்கும் இடையில் ஏதோ ஒன்று காட்டும். புளியை 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, ஆறியதும் அதையும் பாருங்கள். சுமார் 3 வரும். புளித்தண்ணீரின் பழுப்பு நிறம் தாளின் நிறத்தை மறைக்கும். அதனால் ஒரு சொட்டு மட்டும் வைத்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஊறி வரும் நிறத்தைப் படியுங்கள்.

பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. 5.5 எங்கே, 2.5 எங்கே? ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

படி 2: தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

"நான் தண்ணீர் கலந்துதான் குடிக்கிறேன்" என்பவர்களுக்கான படி இது. ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் ஒன்பது டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அளந்து பாருங்கள். பி.எச். சுமார் அரை எண்தான் ஏறும். சிட்ரிக் அமிலம் மென்மையான அமிலம். மூலக்கூறுகளில் சிறு பங்குதான் எந்த நேரத்திலும் பிரிந்து அமிலத்தன்மை காட்டும். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க, மிச்சமிருப்பவையும் பிரியத் தொடங்கும். அப்புறம் சர்க்கரை போட்டு அளந்து பாருங்கள், எண் அசையாது. நாக்குக்குத்தான் புளிப்பு குறைகிறது, பல்லுக்கு இல்லை.

படி 3: கையிருப்பை அளப்பது

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். பி.எச். இப்போதைய உக்கிரத்தை மட்டும் சொல்லும். பின்னால் எவ்வளவு அமிலம் காத்திருக்கிறது என்று சொல்லாது.

30 மில்லி எலுமிச்சைச் சாற்றை ஒரு பெரிய டம்ளரில் எடுத்து, சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்குங்கள். நுரை பொங்கும். போட்டாலும் நுரை வராத இடம் வரும்வரை தொடருங்கள். சாற்றில் சுமார் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் என்று வைத்தால், 30 மில்லியில் ஒன்றரை கிராம் இருக்கும். அதைத் தணிக்கக் கிட்டத்தட்ட 2 கிராம் சோடா, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். நம் புளித்தண்ணீரில் 10 கிராம் புளிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் டார்டாரிக் அமிலம் இருக்கும், கால் டீஸ்பூன் சோடா போதும். பழைய புளி, புதுப் புளி, ஊர் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

இப்போது சோடாவின் இடத்தில் உமிழ்நீரை வைத்துப் பாருங்கள். உமிழ்நீரிலும் பைகார்பனேட் இருக்கிறது. வாயில் அது செய்யும் வேலையும் இதேதான். ஒரு டம்ளர் ஜூஸை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால், உமிழ்நீர் ஒரே தடவை உழைத்தால் போதும். அதையே பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால், பி.எச். ஏறி வரும்போதெல்லாம் அடுத்த மடக்கு கீழே இழுத்துவிடும். அமிலத்தின் அளவு ஒன்றுதான், பல் நனைந்திருக்கும் நேரம் பத்து மடங்குக்கு மேல்.

ரசம் ஏன் பல்லைக் கூச வைப்பதில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. புளி நிறையத் தண்ணீரில் போகிறது, பருப்பும் சோறும் சேர்கின்றன, மெல்லும்போது உமிழ்நீர் ஊறுகிறது, சீக்கிரம் விழுங்கிவிடுகிறோம். புளி மிட்டாயைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வது நேர் எதிர்.

படி 4: பல்லில் பார்ப்பது

இந்தச் சோதனைக்குப் பலரும் முட்டை ஓட்டைப் பயன்படுத்துவார்கள். நுரை வருவதால் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஏமாற்றும். ஓடு கால்சியம் கார்பனேட், எனாமல் வேறு பொருள். பல்லில் குமிழி வராது, கரைவதும் மெதுவாகவே.

பால் பல்லைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பளபளப்பான முன்பக்கத்தின் பாதியில் நெயில் பாலிஷ் பூசி நன்றாகக் காயவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் இரண்டு மணி நேரம் போட்டுவைத்து, எடுத்துக் கழுவி, ரிமூவரால் பாலிஷை அழித்து முழுக்க உலர்த்துங்கள். ஈரமாக இருந்தால் வித்தியாசம் தெரியாது, பலர் இங்கேதான் "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூடியிருந்த பாதி மினுங்கும், மற்றது சுண்ணாம்பு தடவிய சுவர் போல மங்கியிருக்கும். சரியாகத் தெரியாவிட்டால் இரவு முழுக்க ஊறவிடுங்கள். இன்னொரு பல் கிடைத்தால் புளித்தண்ணீரிலும் செய்யலாம்.

வாயில் இப்படி இரண்டு மணி நேரம் யாரும் ஊறவைப்பதில்லை, உமிழ்நீரும் இங்கே இல்லை. அதனால் வேகத்தை இதில் கணக்கிடாதீர்கள், திசையை மட்டும் பாருங்கள். இரண்டு அமிலங்களும் படிகத்தைக் கரைப்பதோடு, கரைந்து வரும் கால்சியத்தைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். சிட்ரிக்கில் அந்தப் பிடி வலுவானது.

படி 5: வாயில் என்ன செய்வது

மங்கிய அந்தப் பகுதி இப்போது மெத்தென்று இருக்கிறது. வாயில் இதே நிலையில் உடனே பிரஷ் போட்டால் தேய்த்து எடுத்துவிடுவோம். விட்டுவைத்தால் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு திரும்பப் படியும். அதனால் புளிப்பு சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் துலக்கிவிட்டு, அப்புறம் குடிப்பது மேல்.

பல் வெள்ளையாக எலுமிச்சைத் தோலால் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். கறை போனாலும் எனாமலும் கூடப் போகும். அது மெலிந்ததும் அடியிலுள்ள மஞ்சள் டென்டின் தெரிந்து பல் முன்னைவிட மஞ்சளாகும்.

முன்பல் நுனி கண்ணாடி போல ஊடுருவித் தெரிவது, கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னச் சின்னக் குழி, பழைய ஃபில்லிங் பல்லைவிட மேலே துருத்தி நிற்பது, ஐஸ் தண்ணீர் பட்டாலே சுள்ளென்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது என்ன புளிப்பு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வாயில் இருக்கிறது என்று நான்கைந்து நாள் எழுதி எடுத்துப் போங்கள். இரைப்பை அமிலம் வாய்க்கு ஏறி வருபவர்களுக்கும் பல் இப்படிக் கரையும், காரணத்தைப் பிரித்தறிய அந்தத் தாள் அவருக்கு உதவும்.