சோயா சரக்கும் கப்பல் வியர்வையும்: ஹோல்டு காற்றோட்டத்தில் நடக்கும் தவறுகள்

பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்தில் ஏப்ரல் மாதம் சோயா பீன்ஸ் ஏற்றும் கப்பல், சீனாவின் சிங்டாவ் போய்ச் சேர ஐந்தாறு வாரம் ஆகும். ஏற்றும்போது சோயாவின் வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வழியில் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே கடல் காற்று 17 டிகிரிக்கு இறங்கும். பிறகு சுந்தா நீரிணையில் 29 டிகிரி புழுக்கம். கடைசியில் மஞ்சள் கடலில் மறுபடியும் குளிர். இந்த மூன்று கட்டத்திலும் காற்றோட்ட முடிவு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அது மாறாமல் போகும்போதுதான் சரக்கு கெடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். சோயா தன்னிடமுள்ள ஈரத்தை ஹோல்டின், அதாவது கப்பலின் சரக்கு அறையின், காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். 30 டிகிரியில், 65% ஈரப்பதத்தில் இருக்கும் காற்றின் பனிப்புள்ளி, அதாவது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 23 டிகிரி. வெளியே 17 டிகிரிக் காற்று அடித்து, ஹோல்டின் மேல்மூடியான ஹேட்ச் கவரின் இரும்பு குளிர்ந்தால், இட்லிக் குண்டானின் மூடிக்கு அடியில் கோப்பது போல அதன் அடிப்பக்கத்தில் நீர் கோத்துச் சொட்டும். இது கப்பல் வியர்வை. இதற்கு நேர்மாறானது சரக்கு வியர்வை: குளிர்ந்த சரக்கின் மீது வெப்பமான ஈரக் காற்றை நாமே உள்ளே விட்டால், நீர் சரக்கின் மேலேயே படியும். குளிர்காலத்தில் கருங்கடல் துறைமுகத்தில் ஏற்றிய கோதுமையை இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோகும்போது வென்டிலேட்டரைத் திறந்தால் நடப்பது அதுதான்.

முதல் தவறு துறைமுகத்திலேயே நடந்துவிடுகிறது: ஏற்றும்போது சரக்கின் வெப்பநிலையை அளக்காமல் விடுவது. கடலில் போன பிறகு ஹோல்டுக்குள் இறங்கிப் பனிப்புள்ளியை அளப்பது எளிதல்ல, பாதுகாப்பும் அல்ல. தானியம் ஆக்சிஜனைக் குறைத்துவிடும், பூச்சிமருந்துப் புகை வேறு இருக்கலாம். அதனால்தான் பெரும்பாலான கப்பல்களில் மூன்று டிகிரி விதி: ஏற்றியபோது இருந்த சராசரிச் சரக்கு வெப்பநிலையைவிட வெளிக்காற்று குறைந்தது 3 டிகிரி குளிராக இருந்தால் திற, இல்லையென்றால் மூடு. இந்த விதிக்கு அடிப்படையே ஏற்றும்போது எடுத்த அந்த அளவுதான். சரக்குக்காரர் தாளில் எழுதித் தரும் எண்ணை வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. ஒவ்வொரு ஹோல்டிலும், ஏற்றுதல் நடக்கும்போதே பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு வந்த லாரிச் சரக்கும் நாள்கணக்கில் கிடங்கில் இருந்த சரக்கும் ஒரே வெப்பநிலையில் இருக்காது.

நம் கப்பலுக்கு வருவோம். சரக்கு 30, எனவே எல்லை 27. நன்னம்பிக்கை முனையருகே வெளியே 17: திறக்க வேண்டும், தாராளமாக. சுந்தாவில் 29: மூட வேண்டும். இங்கேதான் இரண்டாவது தவறு. வானம் தெளிவாக, கடல் அமைதியாக, நல்ல வெயில் அடிக்கும். “சரக்கு காயட்டும்” என்று டெக் ஆட்களின் தலைவரான போசனிடம் சொல்லி எல்லா வென்டிலேட்டரையும் திறந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரி இருக்கக்கூடும், ஹோல்டு காற்றின் 23-ஐவிட அதிகம். அதாவது காய வைப்பதற்குப் பதிலாக ஈரத்தை உள்ளே ஏற்றுகிறோம். அதற்கு முன் இரண்டு வாரம் குளிர்காற்று பட்டுச் சரக்கின் மேற்பரப்பு குளிர்ந்திருந்தால் அந்த ஈரம் நேராக அதன் மேலேயே படியும். வெயிலைப் பார்த்து முடிவெடுப்பதைவிட வெப்பமானியைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. மஞ்சள் கடலில் காற்று மறுபடி 27-க்குக் கீழே போனதும் திறக்கலாம்.

மூன்றாவது தவறுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரியது, மிகப் பரவலானதும்கூட: சூரியன் மறைந்ததும் வென்டிலேட்டர்களை மூடிவிடும் வழக்கம். “இரவில் பனி இறங்கும், ஈரம் உள்ளே போகும்” என்பார்கள். திறந்த கடலில் காற்றின் பனிப்புள்ளி பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறுவதில்லை, குறைவது வெப்பநிலை மட்டும்தான். பகலில் வெயில் பட்டுச் சூடாக இருந்த ஹேட்ச் கவரும் டெக்கும் இரவில்தான் வேகமாகக் குளிர்கின்றன. ஆகவே வியர்வை அதிகம் உண்டாகும் நேரமே இரவு. மூன்று டிகிரி விதி திற என்று சொல்லும் இரவில் மூடி வைப்பது, தேவை அதிகமான பன்னிரண்டு மணி நேரத்தைக் கைவிடுவது. இரவில் மூட நியாயமான காரணம் ஒன்றுண்டு: மழை அல்லது கடல்நீர் தெறிப்பது. அது பகலுக்கும் பொருந்தும். வாட்ச் அதிகாரி வானிலையைக் கவனித்தபடி இருந்தால் இரவு முழுக்கத் திறந்து வைக்கத் தடையில்லை.

காற்றோட்டத்தால் எதைச் செய்ய முடியாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். வென்டிலேட்டர் வழியே வரும் காற்று சரக்கின் மேற்பரப்பைத் தழுவிப் போகுமே தவிர, பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமான குவியலுக்குள் நுழையாது. சோயா 13 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடும் சூட்டோடும் ஏறியிருந்தால், நீண்ட பயணத்தில் உள்ளுக்குள்ளேயே பூஞ்சை வளர்ந்து தானாகவே சூடேறக்கூடும். ஹேட்ச் கவரையே திறந்து வைத்தாலும் அது அடங்காது. இந்தச் சேதத்துக்குக் காற்றோட்டக் குறையைக் காரணம் காட்டுவதும் தவறுதான். கப்பல் தரப்பில் கவனிக்க வேண்டியது வேறு: ஹோல்டுக்கு ஒட்டிய எரிபொருள் டாங்கைத் தேவைக்கு மேல் சூடாக்கினால் அந்தத் தட்டை ஒட்டிய சரக்கு கருகும். உடனே பயன்படுத்தப் போகிற டாங்கை மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் சூடாக்க வேண்டும்.

பாஸ்பீன் புகையூட்டல் நடக்கும் நாட்களில் விதி என்ன சொன்னாலும் மூடித்தான் இருக்க வேண்டும். அந்த வாயு மனிதரைக் கொல்லும்.

சரக்கை இறக்கும்போது சேதம் எங்கிருந்து வந்தது என்று அதன் இருப்பிடமே சொல்லும். மேற்பரப்பில் சில சென்டிமீட்டர் மட்டும் கெட்டியாகி, மேலே உள்ள உத்திரங்களின் வரிசையிலேயே கோடுகோடாக இருந்தால் அது கப்பல் வியர்வை. ஹேட்ச் கவரின் இணைப்புகளுக்கு நேர்கீழே ஆழமாக நனைந்து, சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் வெளுத்தால் கடல்நீர் கசிந்திருக்கிறது. நடுவில், ஆழத்தில், பழுப்பேறிச் சூடாகக் கட்டிப்பட்டிருந்தால் தானாகச் சூடேறியது. மூன்றும் கலந்தும் இருக்கலாம், எனவே இறக்குவதை அவசரப்படுத்தாமல் படமும் மாதிரியும் எடுக்க வேண்டும்.

கடைசித் தவறு காற்றோட்டப் பதிவேட்டில். 2018 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கன்டெய்னர்களில் போன காப்பிக்கொட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தகுந்த கவனம் எடுத்துக்கொண்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கப்பல் தரப்புடையது என்றது நீதிமன்றம். “வென்டிலேஷன் செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிக்காற்றின் உலர், ஈர வெப்பநிலை, எந்தெந்த ஹோல்டு திறந்தது, எப்போது மூடியது, மூடியதற்கு விதியா, மழையா, அலைத் தெறிப்பா, புகையூட்டலா என்ற காரணம் ஆகியவற்றை அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும். எல்லா நாளும் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடியதாக ஒரே கையெழுத்தில் எழுதிய பதிவேட்டை எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் கேட்டு வாங்குவார்.