பொங்கலுக்கு மொத்த ஓடர் எடுக்கும் அன்பளிப்புப் பெட்டிக்குக் கப்ஷன் எழுதுவது எப்படி?

வீட்டிலிருந்து பலகாரப் பெட்டி செய்து விற்பவர்கள் முகநூலில் இடும் வாசகத்தைப் பெரும்பாலும் ஒரு பெட்டி வாங்குபவரை நினைத்தே எழுதுகிறோம். ஆனால் 100 பெட்டி வாங்கும் நிறுவனத்தில் அதைப் படிப்பவர் பலகாரம் சாப்பிடப் போகிறவர் அல்லர். முகாமையாளரிடம் ஒப்புதல் வாங்கிக் கணக்காளருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய ஒரு நிருவாக அலுவலர் அவர். எத்தனை பெட்டியிலிருந்து ஓடர் எடுப்பீர்கள், ஒன்று என்ன விலை, எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பவைதான் அவருக்குத் தேவை.

முதலில், எழுதுவதற்கு முன்பே கடைசி நாளைக் கணக்கிடுங்கள். பொங்கல் ஜனவரி 15 என்றும், 200 பெட்டிகள் கொழும்பு அலுவலகம் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். பணியாளர்கள் ஊருக்குப் புறப்படும் முன் கிடைக்க வேண்டுமானால் பெட்டிகள் 12ஆம் திகதி அங்கே இருக்க வேண்டும். லொறிக்கு இரண்டு நாள் விட்டால் 10ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு 40 பெட்டி அடுக்கினால் 5ஆம் திகதியே வேலையைத் தொடங்கியாக வேண்டும். பனையோலைப் பெட்டி இழைப்பவர்கள் 200 பெட்டிக்கு மூன்று வாரம் கேட்டால், கடைசி நாள் டிசம்பர் 15 என்று வந்து நிற்கிறது. நிறுவனச் சின்னம் அச்சிட்ட ஒட்டியை அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே செய்துவிடலாம். ஆயினும் நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஒப்புதல் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது என்பதால், மாதிரியை டிசம்பர் 20ஆம் திகதிக்குள் அனுப்பிவிடுவது நல்லது. முதல் வருடம் நான் திகதி எதுவும் குறிப்பிடாமல் "விரைவில் முந்துங்கள்" என்று எழுதிவைத்தேன். ஓர் அலுவலகத்திலிருந்து 150 பெட்டி கேட்டு ஜனவரி 9ஆம் திகதி அழைப்பு வந்தது. மறுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து விலைப் படியைச் சரிபாருங்கள். இங்கேதான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். 50 முதல் 99 வரை ஒன்று ரூபா 2,850, 100இலிருந்து ரூபா 2,650 என்று வைத்தால் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். ஆனால் 95 பெட்டிக்கு ரூபா 270,750 ஆகிறது. 100 பெட்டிக்கோ ரூபா 265,000 மட்டுமே. கூடுதலாக வாங்குபவர் குறைவாகக் கொடுக்கிறார் என்பதைக் கணக்காளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். 93 முதல் 99 வரை கேட்பவர்களுக்கு 100 பெட்டியாக எடுத்தால் மொத்தத் தொகை குறையும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அல்லது இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறையுங்கள்.

இனி வாசகத்துக்கு வருவோம். தொலைபேசித் திரையில் முதல் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு மீதி மறைந்துவிடும் என்பதால், பொங்கல் வாழ்த்தை அங்கே வைத்து இடத்தைச் செலவழிக்காதீர்கள். நான் இப்படி எழுதுவேன்:

"பொங்கலுக்குப் பணியாளர் அன்பளிப்புப் பெட்டி: 50இலிருந்து, ஒன்று ரூபா 2,850. ஓடர் ஏற்கும் கடைசி நாள் டிசம்பர் 15.
மூடியுள்ள பனையோலைப் பெட்டியில் பனங்கட்டிக் குட்டான் 4, எள்ளுருண்டை 10, பயற்றம் பணியாரம் 10, முறுக்கு 250 கிராம். முழுவதும் சைவம்.
100இலிருந்து ஒன்று ரூபா 2,650. உங்கள் நிறுவனச் சின்னத்துடன் ஒட்டி இலவசம். பாதி முற்பணம். யாழ். நகருக்குள் கொண்டுவந்து தருவோம்; கொழும்புக்கு லொறிக் கூலி தனி.
கொட்டேசனுக்கு எண்ணிக்கையையும் இடத்தையும் அனுப்புங்கள்: https://wa.me/94XXXXXXXXX"

"சுவையான பலகாரங்கள்" என்று எழுதாமல் எண்ணிக்கையைக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று கடைகளின் விலையை ஒப்பிடும் அலுவலருக்கு உள்ளே என்ன, எவ்வளவு என்று தெரியாத பெட்டி பயன்படாது. முற்பணத்தையும் லொறிக் கூலியையும் மறைத்துப் பிறகு சொன்னால், ஒப்புதலான தொகையை அவர் மாற்றக் கேட்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் கேட்கமாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார்.

வட்ஸ்அப் இணைப்பில் 077 என்று தொடங்கும் எண்ணை 9477 என்று மாற்றி இட வேண்டும். முன்னால் உள்ள பூச்சியமோ கூட்டல் குறியோ இருந்தால் இணைப்புத் திறக்காமற் போகலாம். பதிவிட்டதும் வேறொருவரின் தொலைபேசியிலிருந்து அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படத்துக்கும் வாசகத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். மார்கழி மழை ஈரத்தில் பனங்கட்டி கசிந்து, அருகிலுள்ள அட்டையில் கறை பிடிக்கும். ஆகவே குட்டானை உறையில் இட்டே அடுக்குவோம். அப்படியானால் உறையோடுதான் படம் எடுக்க வேண்டும். உறையில்லாத குட்டானின் அழகான படத்தைப் போட்டால், பெட்டி திறக்கும் அன்று "படத்தில் இருந்தது வேறு" என்று 200 பேர் சொல்லக்கூடும்.