புதிதாகப் பட்டியலான பங்கு: பழைய சார்ட் இல்லாமல் முதல் வாரங்களைப் படிப்பது எப்படி?

ஐபிஓ முடிந்து நேற்றுதான் பட்டியலான பங்கின் சார்ட்டைத் திறந்தால் ஒரே ஒரு கேண்டில் நிற்கும். 200 நாள் சராசரிக் கோட்டைப் போட்டால் ஒன்றும் வராது, அதற்கு 200 வர்த்தக நாள்கள் வேண்டும். பழைய சப்போர்ட்டும் கிடையாது, ரெசிஸ்டன்ஸும் கிடையாது. அப்படியானால் எதை வைத்துப் படிப்பது? 2012-ல் ஃபேஸ்புக் பட்டியலானதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: மூன்று கோடுகள்

இண்டிகேட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, 15 நிமிட சார்ட்டுக்கு மாறுங்கள். வெளியீட்டு விலை, முதல் நாள் உச்சம், முதல் நாள் தாழ்வு ஆகிய மூன்றுக்கும் கிடைக்கோடு போடுங்கள்.

ஃபேஸ்புக்கின் வெளியீட்டு விலை 38 டாலர். 2012 மே 18 அன்று 42.05-ல் தொடங்கி, 45 வரை போய், 38.23-ல் முடிந்தது. அன்றைய தாழ்வு சரியாக 38. அதாவது மூன்று கோடுகளில் இரண்டு ஒன்றாகிவிட்டன. இதைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். சந்தையில் விலை தானாக ஒரு முழு எண்ணில் போய் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்பது அபூர்வம். வெளியீட்டை நடத்தும் வங்கிகள், விலை சரியாமல் இருக்கக் குறிப்பிட்ட வரம்புக்குள் வாங்கித் தாங்கிப் பிடிப்பதுண்டு. இங்கே நடந்ததும் அதுதான். சார்ட்டில் அது வலுவான சப்போர்ட் போலவே தெரியும். கை எடுத்ததும் என்ன ஆகும்? அடுத்த வர்த்தக நாளான திங்களன்று 34.03, செவ்வாயன்று 31.

ஆகவே, முதல் நாள் தாழ்வும் வெளியீட்டு விலையும் ஒன்றாக இருந்தால் அந்தக் கோட்டைச் சப்போர்ட் என்று நம்பாதீர்கள். அது உடைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

படி 2: வால்யூமை எதோடு ஒப்பிடுவது?

முந்தைய நாள்களின் வால்யூம் இல்லாததால், வெளியீட்டில் விற்ற பங்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஃபேஸ்புக் வெளியீட்டில் விற்றவை சுமார் 42 கோடி பங்குகள். முதல் நாளில் மட்டும் கைமாறியவை 57 கோடிக்கும் மேல். வெளியீட்டில் வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் அன்றே விற்றுவிட்டார்கள் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஒரே பங்கு பல தடவை கைமாறியிருக்கலாம். ஆனால் 38-க்கு மேல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம் என்பது நிச்சயம். விலை பிற்பாடு அங்கே திரும்பும்போது "போட்ட பணம் வந்தால் போதும்" என்று விற்க வருபவர்கள் இவர்கள்தான்.

படி 3: சராசரியை முதல் நாளிலிருந்து கட்டுங்கள்

சார்ட் கருவிகளில் Anchored VWAP என்று ஒன்று இருக்கும். அதை எடுத்து முதல் கேண்டில் மேல் சொடுக்கினால் போதும். அன்றிலிருந்து வாங்கிய அத்தனை பேரின் சராசரி விலையை, வால்யூமையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டும். ஒரு சின்னக் கணக்கு: 100 விலையில் 9 லட்சம் பங்குகள், மறுநாள் 80 விலையில் 1 லட்சம் பங்குகள். சாதாரண சராசரி 90. வால்யூம் சேர்த்தால் 98. விலை 92-க்கு ஏறியதும் சராசரியைத் தாண்டிவிட்டது என்று சாதாரணக் கோடு சொல்லும். உண்மையில் பெரும்பாலானவர்கள் இன்னும் நஷ்டத்தில்தான் இருப்பார்கள்.

20 நாள் சராசரியை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். 21-ஆம் நாள் கோடு சட்டென்று வளைந்தது, ஏதோ திருப்பம் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பரபரப்பான முதல் நாள் கணக்கிலிருந்து வெளியே போனதால் வந்த வளைவு அது. விலையில் எந்த மாற்றமும் இல்லை.

படி 4: லாக்-இன் முடியும் தேதிகள்

நிறுவனர்கள், ஊழியர்கள், ஆரம்ப முதலீட்டாளர்கள் தங்கள் பங்குகளைக் கொஞ்ச காலம் விற்க முடியாது. அந்தத் தடை விலகும் தேதிகள் வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். அவற்றைச் சார்ட்டில் செங்குத்துக் கோடுகளாகக் குறித்துவையுங்கள்.

ஃபேஸ்புக்கில் முதல் தடை விலகிய ஆகஸ்ட் 16 அன்று சுமார் 27 கோடி பங்குகள் விற்பனைக்குத் தகுதி பெற்றன. விலை 6 சதவீதத்துக்கு மேல் இறங்கி 20 டாலருக்குக் கீழே முடிந்தது. செப்டம்பர் 4-ல் 17.55 வரை போனது. நவம்பர் 14-ல் அதைவிடப் பெரிய மூட்டை அவிழ்ந்தது, ஏறக்குறைய 80 கோடி பங்குகள். எல்லோரும் சரிவை எதிர்பார்த்திருக்க, அன்று விலை 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பயந்தவர்கள் முன்கூட்டியே விற்றிருந்தால் அந்தத் தேதியில் விற்க ஆள் குறைவு. தேதியை வைத்துத் திசையைச் சொல்ல முடியாது. அன்றைய வால்யூம் பெருகியும் விலை இறங்க மறுக்கிறதா என்று பாருங்கள்.

அந்த 38 டாலர் கோட்டை அழித்துவிடாதீர்கள். ஃபேஸ்புக் மறுபடி அதற்கு மேல் முடிய 2013 ஆகஸ்ட் வரை ஆனது.