மூதூர் எங்கே போனது? கிடைச் சலாகை வரைபில் நீண்ட பெயர்கள்

மாரி முடிந்ததும் கிணறு இறைத்துச் சுத்தமாக்கிய கணக்கை, திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும் ஒரே வரைபாகப் போட்டேன். பெயர்கள் நீளமென்பதால் கிடைச் சலாகை வரைபைத்தான் எடுத்தேன். அதுவரை சரி. கூட்டத்தில் அதைக் காட்டியதும் முன்வரிசையில் இருந்த ஐயா கேட்டார்: "தம்பி, மூதூர் எங்க? காணேல்லையே."

மூதூரின் சலாகை இருந்தது, பெயர்தான் இல்லை. உயரம் போதாவிட்டால் எக்செல் ஒன்றுவிட்டு ஒரு பெயரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சலாகைகள் 11, பெயர்கள் 6. அச்சில் வலது கிளிக் செய்து `Format Axis` போய், `Labels` என்பதன் கீழ் `Specify interval unit` என்பதற்கு 1 கொடுத்தால் எல்லாப் பெயரும் வரும். ஆனால் வரைபின் உயரத்தையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வரைபை அனுப்புமுன் சலாகைகளையும் பெயர்களையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது இப்போது என் வழக்கம்.

பெரிய தவறு அதற்கும் முந்தையது. தரவில் பெயர்கள் இருந்தபடியே அச்சுக்குப் போயிருந்தன: "மூதூர் பிரதேச செயலாளர் பிரிவு", "வெருகல் பிரதேச செயலாளர் பிரிவு" என்று. மூதூருக்கு எழுத்து மூன்று, அதன் வாலுக்குப் பன்னிரண்டு. அந்த வால் 11 தடவை திரும்ப வந்து, அகலத்தில் பாதியைத் தின்றுவிட்டது. எண்ணைக் காட்ட வேண்டிய சலாகைகள் குறுகி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் கிடந்தன. பெயரை மடிக்க முதல், எல்லாப் பெயரிலும் பொதுவாக உள்ள சொற்களைத் தேடுங்கள். அவை ஒரு தடவை தலைப்பில் வந்தால் போதும்.

வாலை வெட்டியதும் நீளமாக மிஞ்சியது ஒரே ஒரு பெயர்: "திருகோணமலை பட்டினமும் சூழலும்", 16 எழுத்து. அடுத்த நீளம் கோமரங்கடவல, 8 எழுத்துத்தான். அந்த ஒரு பெயருக்காக மற்றப் பத்துக்கும் இடப்பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கத் தேவையில்லை, அதை மட்டும் இரண்டு வரியாக்கலாம். "தி.ப.சூ." என்று சுருக்கினால் எங்கள் ஊராருக்கே விளங்காது.

எங்கே மடிப்பது? எக்செலிடம் விட்டால் இடத்துக்கு ஏற்றபடி "திருகோணமலை பட்டினமும்" என்று ஒரு வரியும், கீழே அநாதையாக "சூழலும்" என்றும் வரக்கூடும். வரைபின் அளவை மாற்றினால் மடிப்பும் மாறும். "பட்டினமும் சூழலும்" பிரியாத சொற்கூட்டம், ஆகவே திருகோணமலைக்குப் பின்னால் `Alt+Enter` அடித்து நாமே உடைக்க வேண்டும். ஆனால் இதை மூலத்தரவின் கலத்தில் செய்யாதீர்கள். உடைத்த பெயர் மற்றத் தாளில் உள்ள பெயரோடு பொருந்தாது, `VLOOKUP` கைவிரித்துவிடும். வரைபுக்கென்று பக்கத்தில் தனி நிரல் ஒன்று வைத்து, வெட்டிய, உடைத்த பெயர்களை அதில் எழுதுங்கள்.

மடித்த பெயரின் இரண்டு வரிக்கும் இடையிலுள்ள வெளி, அடுத்த பெயருக்கு உள்ள வெளியை விடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பட்டினமும் சூழலும்" கீழ்ச் சலாகையின் பெயராகத் தெரியும்.

ஒழுங்கிலும் எக்செல் ஒரு குறும்பு செய்யும். தாளில் முதல் நிரையில் உள்ளதை வரைபின் அடியில் போடும். கூடியது மேலே வரட்டும் என்று இறங்குவரிசையில் அடுக்கினால் வரைபில் தலைகீழாகும். `Categories in reverse order` என்பதைத் தெரிவு செய்தால் திரும்பும், ஆனால் எண் அச்சு மேலே ஏறிவிடும். அதை இறக்க `At maximum category` என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். அகரவரிசை இங்கே ஒருவருக்கும் உதவாது. எங்கே வேலை கூட நடந்தது என்பது கேள்வியென்றால் எண்ணின்படி அடுக்குங்கள். ஒவ்வொரு மாதமும் இதே வரைபு போகுமென்றால், வடக்கே குச்சவெளியில் தொடங்கித் தெற்கே வெருகலில் முடியும் நிலையான ஒழுங்கு நல்லது. பார்ப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் தங்கள் ஊரைத் தேடி அலைய மாட்டார்கள்.

பெயருக்குப் பதிலாக முழு வசனம் வந்தால், உதாரணமாகக் கிணறு ஏன் இறைக்கப்படவில்லை என்பதற்கான காரணங்கள், மடிப்பும் தோற்கும். அப்போது பெயரைச் சலாகைக்கு மேலே, இடது ஓரத்தில் தொடங்க வைப்பது நல்லது. எல்லா மதிப்பும் 0 ஆன உதவித் தொடர் ஒன்றைச் சேர்த்து, அதன் தரவு லேபிளில் `Category Name` மட்டும் காட்டி, இடத்தை `Inside Base` ஆக்குங்கள். பிறகு அச்சின் `Label Position` என்பதை `None` ஆக்கலாம். பெயர் சலாகைக்குக் கீழே விழுந்தால் `Select Data` இல் இரண்டு தொடர்களையும் இடம் மாற்றுங்கள். கைபேசியில் பார்ப்பவர்களுக்கு இந்த அமைப்புத்தான் வசதி.

போன வருடத்தோடு ஒப்பிட்ட கூடுதல் குறைவைக் காட்டும்போது இன்னொன்று: குறைந்த இடங்களின் சலாகை இடப்பக்கம் நீண்டு, பூச்சியத்தில் ஒட்டி நிற்கும் பெயரை மூடிவிடும். அங்கே `Label Position` என்பதை `Low` ஆக்கினால் பெயர்கள் எல்லாம் இடது விளிம்புக்குப் போய் நிற்கும்.